ஆசிரியர் ஓய்வறைக்கு ஒரு பொதுப் பிரிண்டர்: மின்னஞ்சலில் தொடங்கிய வேலை

ஒட்டுசுட்டான் பக்கமுள்ள ஒரு பாடசாலையின் அலுவலகத்திலிருந்து வந்த மின்னஞ்சல் இது. ஆள் அடையாளம் தெரியாதபடி ஓரிரு இடங்களை மாற்றியிருக்கிறேன். மற்றபடி அந்த அக்கா எழுதியது எழுதியபடியே இருக்கிறது.

"விடயம்: ஆசிரியர் ஓய்வறைக்குப் புதிய பிரிண்டர்

வணக்கம் தம்பி,

ஆசிரியர் ஓய்வறையில் எல்லாரும் பாவிக்கக்கூடிய மாதிரி ஒரு புதிய பிரிண்டர் தேவை. இப்போது எல்லாரும் அலுவலகத்தில் இருக்கும் என்னுடைய பிரிண்டருக்குத்தான் அனுப்புகிறார்கள். நான் கொம்பியூட்டரை நிற்பாட்டிவிட்டு வலயத்துக்குப் போனால் அவர்களுக்கு ஒன்றும் வராது. கரண்ட் போய் வந்தாலும் அப்படித்தான். சிலருடைய லாப்டொப்பில் 0x0000011b என்று ஒரு பிழை வருகிறதாம். அதனால் பென் டிரைவைக் கொண்டுவந்து என்னுடையதில் செருகுகிறார்கள், வைரஸும் சேர்ந்து வருகிறது. அதிபர் சேர் அபிவிருத்திச் சங்கத்தில் கதைத்துவிட்டார், காசு பிரச்சினை இல்லை. கலர், ஸ்கேன், போட்டோகொப்பி எல்லாம் இருந்தால் நல்லது. எதை வாங்குவது என்று சொல்லுங்கோ. தவணைப் பரீட்சைக்கு முதல் பூட்டித் தந்தால் பெரிய உதவி."

எனக்கு வரும் மின்னஞ்சல்களில் பெரும்பாலானவை "பிரிண்டர் வேலை செய்யவில்லை, உடனே வரவும்" என்ற ஒரே வரிதான். இந்த அக்கா எப்போது வருகிறது, எப்போது வரவில்லை என்று பிரித்து எழுதியிருந்தார். பிழை எண்ணையும் பார்த்துக் குறித்திருந்தார். மங்குளம் சந்தியில் திரும்புவதற்கு முன்பே பாதி நோய் தெரிந்துவிட்டது. அவருடைய பிரிண்டரில் ஒரு பழுதும் இல்லை. அது யூஎஸ்பி வயரில் அவருடைய கொம்பியூட்டரில் தொங்கிக்கொண்டிருக்கிறது, அந்தக் கொம்பியூட்டர் அதை மற்றவர்களுக்குப் பகிர்கிறது. அவர் எழுதிய எல்லாத் தொல்லைக்கும் காரணம் இந்த ஏற்பாடுதான்.

எனவே புதிதாக ஒன்றை வாங்கி, ஓய்வறைக் கொம்பியூட்டர் ஒன்றில் யூஎஸ்பியால் கொழுவினால் இதே கதை அடுத்த அறையில் தொடரும். அக்காவுக்கு மட்டும் நிம்மதி கிடைக்கும். இந்த முறை பிரிண்டர் எந்தக் கொம்பியூட்டரையும் நம்பாமல், ரவுட்டரோடு நேரே கதைக்க வேண்டும் என்று முடிவெடுத்தேன்.

0x0000011b பற்றி ஒரு வார்த்தை. 2021 நடுப்பகுதியில் விண்டோஸின் அச்சுச் சேவையில் பெரிய பாதுகாப்பு ஓட்டைகள் வெளிவந்தன. அந்த வருடம் செப்டெம்பரில் வந்த அப்டேட், பிரிண்டரைப் பகிரும் கொம்பியூட்டரும் அதனோடு இணையும் கொம்பியூட்டரும் ஒன்றையொன்று உறுதிப்படுத்தும் முறையை இறுக்கியது. ஒன்று அப்டேட் எடுத்து மற்றது எடுக்காமல் இருக்கும் இடங்களில் இந்த எண் வரும். இணையத்தில் தேடினால் ரெஜிஸ்ட்ரியில் RpcAuthnLevelPrivacyEnabled என்பதைப் பூச்சியமாக்கச் சொல்வார்கள். செய்தால் அச்சு வரத்தான் செய்யும், ஆனால் அப்டேட் பூட்டிய கதவை நாமே திறந்துவிட்டதாகிவிடும். கொம்பியூட்டர் வழியாகப் பகிர்வதையே விட்டுவிட்டால் இந்தப் பிழைக்கு இடமே இல்லை.

அக்காவுக்குப் பதில் எழுதும்போது நான் எந்தப் பிரிண்டரையும் பெயர் சொல்லவில்லை, கேள்விகள்தான் கேட்டேன். மாதம் எத்தனை ரீம் தாள் முடிகிறது? வினாத்தாளை மாணவர் எல்லாருக்கும் இதிலேயே அடிக்கப் போகிறீர்களா, இல்லை மூலப்பிரதி மட்டுமா? கலர் யாருக்கு, எதற்கு? ரவுட்டர் எங்கே நிற்கிறது? ஓய்வறையில் மூன்று பின் பிளக் இருக்கிறதா, அதில் எர்த் வேலை செய்கிறதா?

அவர் விசாரித்து எழுதினார். சாதாரண மாதத்தில் இரண்டு ரீம், அதாவது ஆயிரம் தாள். பரீட்சைக் காலத்தில் இன்னும் ஒன்றோ இரண்டோ கூடும். பிள்ளைகளுக்கான பிரதிகள் டூப்ளிகேட்டரில் அடிக்கப்படுகின்றன, பிரிண்டரில் மூலப்பிரதியும் சிறிய வகுப்புகளுக்கான தாள்களும் மட்டும்தான். கலர் கேட்டவர் ஆரம்பப் பிரிவு ரீச்சர் ஒருவர். விளையாட்டுப் போட்டிச் சான்றிதழும் வருடத்தில் ஒரு தடவை வரும். ரவுட்டர் அலுவலகத்தில், சிம் போடும் 4ஜி வகை. ஓய்வறை அதே கட்டடத்தில், நடுவே ஒரு வகுப்பறை.

கலரை அங்கேயே வெட்டினேன். வருடத்தில் சில நாள் தேவைக்காக நான்கு ரோனர் வாங்கும் மெஷினைப் பொது அறையில் வைத்தால், கறுப்பு எழுத்தை அடிக்கும்போதும் கலர் கொஞ்சம் கொஞ்சமாகக் கரையும். சான்றிதழை முல்லைத்தீவில் கடையில் அடித்துக்கொள்ளலாம்.

அடுத்தது மை டாங்கா, லேசரா என்ற கேள்வி. மை டாங்க் வகைக்கு மின்சாரம் மிகக் குறைவு, பக்கச் செலவும் மலிவு. ஒருவர் வீட்டில் தினமும் பாவிப்பதென்றால் நான் அதைத்தான் சொல்வேன். பாடசாலையில் தவணை விடுமுறை வருகிறது. வாரக்கணக்கில் ஒருவரும் தொடாமல் வன்னி வெக்கையில் பூட்டிய அறைக்குள் கிடந்தால் மை காய்ந்து துவாரம் அடைத்துவிடும். திறந்தவுடன் எழுத்துக்கு நடுவே வெள்ளைக் கோடு விழும், சுத்தப்படுத்தும் கட்டளையைத் திரும்பத் திரும்பக் கொடுத்து அரைவாசி மை கழிவாகப் போகும். லேசரின் ரோனர் தூள் காயாது. மாரியில் நனைந்த கையோடு தாளைப் பிடித்தாலும் எழுத்துக் கலங்காது.

லேசருக்கு ஒரு குணம் உண்டு, அதைச் சொல்லியே ஆகவேண்டும். தூளை உருக்கித் தாளில் ஒட்டும் சூட்டு உருளை பற்றும்போது பல நூறு வாட்டை ஒரே இழுப்பாக இழுக்கும். கொம்பியூட்டருக்கு வைத்த சின்ன யூபிஎஸ்ஸில் அதைக் கொழுவினால், கரண்ட் இருக்கும்போதே யூபிஎஸ் கத்தி எல்லாவற்றையும் நிற்பாட்டும். சுவரில் நேரே, எர்த் உள்ள பிளக்கில், மின்னெழுச்சித் தடுப்பு உள்ள பலகையோடு கொழுவ வேண்டும்.

அதன்படி விலைக்கூறு எடுக்க அக்காவுக்கு ஒரு சின்னப் பந்தி எழுதிக் கொடுத்தேன்: கறுப்பு வெள்ளை லேசர், ஸ்கேனும் போட்டோகொப்பியும் சேர்ந்தது, தானாக இரண்டு பக்கமும் அடிப்பது, வைஃபை மட்டுமல்லாமல் நெட்வேர்க் கேபிள் குத்தும் துளையும் உள்ளது. கூடவே, அந்த மெஷினுக்கான ரோனரின் விலையையும் கிளிநொச்சியிலோ வவுனியாவிலோ அது கையிருப்பில் இருக்கிறதா என்பதையும் கடைக்காரர் அதே தாளில் எழுதித் தரவேண்டும் என்று கேட்டேன். இந்தக் கடைசி வரிதான் விலைகளின் வரிசையையே மாற்றியது. மெஷின் மலிவாகத் தந்த கடையின் ரோனர், பக்கக் கணக்கில் மற்றதைவிடக் கூடியது.

ரோனர் பெட்டியில் 3000 பக்கம் என்று போட்டிருந்தால், தாளின் நூற்றுக்கு 5 பங்கில் மட்டும் கறுப்பு விழும் ஒரு பக்கத்தை வைத்து அளந்தது அது. படமும் அட்டவணையும் உள்ள விஞ்ஞான வினாத்தாள் அதைவிடக் கறுப்பாக இருக்கும். 10 பங்கு விழுந்தால் அரைவாசிப் பக்கம்தான் கிடைக்கும். மாதம் ஆயிரம் தாளை இருபக்கமும் அடித்தால் பக்கக் கணக்கு இரண்டாயிரம் ஆகிவிடும் என்பதையும் அக்காவிடம் சொன்னேன். இருபக்க அச்சு தாளை மிச்சம் பிடிக்கும், ரோனரை அல்ல. புது மெஷினோடு வரும் முதல் ரோனர் பெரும்பாலும் முழுதாக நிரப்பியதும் அல்ல. அது சீக்கிரம் முடிந்ததும் "மெஷின் தின்னுது" என்று அபிவிருத்திச் சங்கத்தில் கேள்வி வரக்கூடாது என்பதற்காக இதை முன்கூட்டியே எழுத்தில் கொடுத்தேன்.

மெஷின் வந்து பொருட்பதிவேட்டில் பதிந்த பிறகு நான் போனேன். ஆசிரியர்கள் அதற்கு ஜன்னலோரம் இடம் ஒதுக்கியிருந்தார்கள். கச்சான் காற்றுக் காலத்தில் அந்த ஜன்னல் வழியே வரும் செம்புழுதி முழுவதும் தாள் தட்டுக்குள் போகும், அதனால் உள் சுவரோரம் மாற்றினோம். அலுவலகத்திலிருந்து கேபிளை சீலிங்குக்கு மேலே பிவிசி குழாய்க்குள் விட்டுக் கொண்டுவந்தோம். குழாய் போடாமல் விட்டால் அணில் கடித்துவிடும். முழு நீளமும் முப்பது மீற்றர் அளவில்தான் வந்தது, இந்த வகைக் கேபிளுக்கு நூறு மீற்றர் வரை போகலாம். ஓய்வறை தனிக் கட்டடமாக இருந்திருந்தால் இப்படிச் செய்திருக்க மாட்டேன். வெளியே கட்டடம் விட்டுக் கட்டடம் போகும் செப்புக் கேபிள், இடி மின்னல் காலத்தில் இரண்டு முனையிலும் உள்ளதைச் சேர்த்து எரிக்கும். அந்த நிலையில் வைஃபைதான் நல்லது.

இனி விஷயத்துக்கு வருகிறேன். கேபிளைக் குத்தியதும் ரவுட்டர் தானாகப் பிரிண்டருக்கு 192.168.1.104 என்று ஒரு முகவரி கொடுத்தது. ஓய்வறைக் கொம்பியூட்டரிலிருந்து ஒரு பக்கம் அனுப்பினோம், வந்தது. ஆசிரியர்களுக்குச் சந்தோஷம், தேத்தண்ணீரும் வந்துவிட்டது. பலர் இந்த இடத்தில் வேலை முடிந்தது என்று பையைக் கட்டுவார்கள். நான் பிரதி அதிபரிடம் அனுமதி கேட்டுக் கட்டடத்தின் மெயின் சுவிட்சை இறக்கினேன். கொஞ்சம் பொறுத்துத் திரும்ப ஏற்றினேன்.

பிரிண்டர் சில நொடிகளில் எழும்பிவிட்டது. ரவுட்டர் எழும்ப ஒரு நிமிடத்துக்கு மேல் எடுத்தது. பிரிண்டர் எழும்பிய உடனே "எனக்கு முகவரி தா" என்று கேட்கும், ரவுட்டர் இன்னும் நித்திரை, பதில் சொல்ல ஆள் இல்லை. கேட்டுக் கேட்டுக் களைத்த பிரிண்டர் தானாகவே ஒரு முகவரியை வைத்துக்கொள்ளும். பிரிண்டரின் பட்டனை அழுத்தி அமைப்புத் தாளை அடித்துப் பார்த்தோம்: 169.254 என்று தொடங்கும் முகவரி. அந்த எண்ணைக் கண்டால், அந்தச் சாதனத்துக்கு ரவுட்டர் முகவரி கொடுக்கவில்லை என்று உடனே புரிந்துகொள்ளலாம். சில மெஷின்கள் பிறகு திரும்பக் கேட்டுத் திருந்திக்கொள்ளும், சில அப்படியே நிற்கும். இன்னொரு சிக்கலும் உண்டு. மலிவான ரவுட்டர்கள் பல, யாருக்கு எந்த எண் கொடுத்தோம் என்பதைக் கரண்ட் போனால் மறந்துவிடும். அப்போது பிரிண்டருக்குக் கிடைப்பது பழைய எண்ணாகவே இருக்கும் என்று சொல்ல முடியாது. கொம்பியூட்டர்கள் பழைய எண்ணுக்கே அனுப்பிக்கொண்டிருக்கும். "கரண்ட் போய் வந்தால் பிரிண்டரைக் காணவில்லை" என்று வன்னியில் நான் கேட்கும் முறைப்பாடுகளில் அநேகமானவை இந்த இரண்டில் ஒன்றுதான். பிரிண்டரைத் திறந்து துடைத்து இதைச் சரிசெய்ய முடியாது.

ரவுட்டரில் அந்த எண்ணைப் பிரிண்டருக்கென்று ஒதுக்கிவைப்பது ஒரு வழி. அது இரண்டாவது சிக்கலைத் தீர்க்கும், முதலாவதைத் தீர்க்காது, ஏனென்றால் அதிலும் பிரிண்டர் ரவுட்டரைக் கேட்க வேண்டியிருக்கிறது. அதனால் முகவரியைப் பிரிண்டருக்குள்ளேயே எழுதினேன். முதலில் ரவுட்டர் எந்த எண்களைத் தானாகக் கொடுக்கிறது என்று பார்க்க வேண்டும். இங்கே 100 இலிருந்து 200 வரை. அதற்கு வெளியே 192.168.1.50 ஐ எடுத்தேன். வெளியே எடுக்காவிட்டால் ஒருநாள் ரவுட்டர் அதே எண்ணை யாரோ ஒருவருடைய போனுக்குக் கொடுத்துவிடும், அச்சு சில நேரம் வரும், சில நேரம் வராது. அந்த மாதிரிப் பழுதைக் கண்டுபிடிக்கத்தான் தலை வெடிக்கும். பிரிண்டரின் சின்னத் திரையில் நெட்வேர்க் பகுதிக்குப் போய், தானியங்கி என்பதைக் கைமுறை என்று மாற்றி, முகவரி 192.168.1.50, சப்நெட் 255.255.255.0, கேட்வே 192.168.1.1 என்று அடித்தேன். அதே இடத்தில் நிர்வாகக் கடவுச்சொல்லை மாற்றினேன், வைஃபை டைரக்டை அணைத்தேன். அணைக்காவிட்டால் மதிலுக்கு வெளியே நிற்பவர் போனிலும் பிரிண்டரின் பெயர் தெரியும்.

அடுத்தது கொம்பியூட்டர்கள். விண்டோஸில் பிரிண்டரைச் சேர் என்று அழுத்தினால் அது தானாகத் தேடிப் பிடித்துச் சேர்த்துவிடும், அதை விரும்பாதவர் யார். ஆனால் அப்படிச் சேர்க்கும்போது பல தடவை WSD என்று தொடங்கும் போர்ட்டைப் போட்டுவிடுகிறது. அது முகவரியைப் பிடித்துக்கொள்ளாமல் ஒவ்வொரு தடவையும் சாதனத்தைக் கண்டுபிடிக்கப் பார்க்கும் முறை. கண்டுபிடிக்காத நாளில் பிரிண்டர் விழித்திருக்கும், விண்டோஸ் மட்டும் Offline என்று சாதிக்கும். அதனால் உற்பத்தியாளரின் டிரைவரை முதலில் நிறுவி, போர்ட்டை நானே கையால் போடுகிறேன். பவர்ஷெல்லை நிர்வாகியாகத் திறந்து:

```
Get-PrinterDriver | Select-Object Name
Add-PrinterPort -Name "IP_192.168.1.50" -PrinterHostAddress "192.168.1.50"
Add-Printer -Name "Staffroom" -DriverName "டிரைவரின் பெயர்" -PortName "IP_192.168.1.50"
```

முதல் வரி காட்டும் டிரைவர் பெயரை ஒரு இடைவெளி கூடப் பிசகாமல் மூன்றாவது வரியில் போட வேண்டும். பிறகு வழி திறந்திருக்கிறதா என்று பார்க்க:

```
Test-NetConnection 192.168.1.50 -Port 9100
```

TcpTestSucceeded : True என்று வந்தால் கொம்பியூட்டரிலிருந்து பிரிண்டர் வரை பாதை சரி. அதற்குப் பிறகும் அச்சு வராவிட்டால் டிரைவரையோ வரிசையில் சிக்கிய பழைய வேலையையோ பார்க்க வேண்டும். False என்றால் டிரைவரைத் தொடாமல் கேபிளையும் முகவரியையும் பார்க்க வேண்டும். இந்த ஒரு வரி எனக்கு எத்தனையோ டிரைவரைத் தேவையில்லாமல் அழித்து நிறுவும் வேலையை மிச்சப்படுத்தியிருக்கிறது.

ஓய்வறைக் கொம்பியூட்டர் இரண்டிலும், கொண்டுவந்திருந்த லாப்டொப்கள் எல்லாவற்றிலும் இப்படிச் செய்தேன். பிறகு மெயின் சுவிட்சைத் திரும்ப இறக்கி ஏற்றினேன். ரவுட்டர் எழும்பியதும் ஒருவரும் எதையும் தொடாமல் லாப்டொப்பிலிருந்து பக்கம் வந்தது. அலுவலகக் கொம்பியூட்டர் அப்போது அணைந்தே கிடந்தது, அக்கா அதை வேண்டுமென்றே ஏற்றவில்லை.

போன்களுக்கு ஒன்றும் நிறுவத் தேவைப்படவில்லை. பாடசாலை வைஃபையில் இருந்தால் ஆண்ட்ராய்டு தானாகவே பிரிண்டரைக் காட்டுகிறது. விருந்தினர் வைஃபையில் இருந்தவருக்கு மட்டும் காட்டவில்லை. அந்த வலை மற்றவற்றிலிருந்து பிரித்து வைக்கப்பட்டது, அதை அப்படியே விட்டேன்.

அடுத்த கிழமை அக்காவிடமிருந்து இன்னொரு மின்னஞ்சல். "தம்பி, புதுப் பிரிண்டர் தமிழை ஆங்கிலத்தில் அடிக்குது." இணைப்பில் ஒரு படம், வினாத்தாளின் தலைப்பு முழுவதும் jkpo; போன்ற எழுத்துகள். நம் பக்கத்தில் வேலை செய்பவருக்கு இது பார்த்ததும் புரியும். ஆசிரியர் வீட்டில் பாமினியில் தட்டச்சுச் செய்திருக்கிறார், ஓய்வறைக் கொம்பியூட்டரில் பாமினி எழுத்துரு இல்லை. பாமினியில் "தமிழ்" என்று தெரிவது உள்ளே jkpo; என்றுதான் சேமிக்கப்படுகிறது, எழுத்துரு இல்லாத இடத்தில் உள்ளது வெளியே தெரிந்துவிடும். திரையிலேயே அப்படித்தான் இருந்திருக்கும், யாரும் பார்க்காமல் அனுப்பியிருக்கிறார்கள். இரண்டு ஓய்வறைக் கொம்பியூட்டரிலும் எழுத்துருவை நிறுவும்படி சொன்னேன். போனிலிருந்து அனுப்புபவர்கள், தட்டச்சுச் செய்த கொம்பியூட்டரிலேயே பிடிஎஃப் ஆக்கிக் கொண்டுவர வேண்டும், அதில் எழுத்துருவும் உள்ளே போய்விடும். யூனிகோடுக்கு மாறுங்கோ என்று நானும் வருடக்கணக்காகச் சொல்கிறேன், பாமினியில் கை ஓடுபவர்கள் கேட்பதாக இல்லை.

தவணைப் பரீட்சை வினாத்தாளின் மூலப்பிரதியை மட்டும் இன்னும் அலுவலகத்திலேயே அடிக்கச் சொல்லியிருக்கிறேன். வாங்கிய மெஷினில் கடவு எண் கொடுத்தால் மட்டும் தாளை வெளியே விடும் வசதி இல்லை. ஓய்வறையில் அடித்தால் ஆசிரியர் நடந்து வருவதற்குள் தாள் தட்டில் எல்லார் கண்ணிலும் படும்.

மிச்சம் இருப்பது ஸ்கேன். மெஷினால் ஸ்கேன் செய்ததை ஒரு கொம்பியூட்டரின் கோப்புறைக்கு அனுப்ப முடியும், ஆனால் அந்தக் கொம்பியூட்டர் எப்போதும் விழித்திருக்க வேண்டும், நாம் விட்டு ஓடிவந்த அதே ஏற்பாடு. நேரே மின்னஞ்சலுக்கு அனுப்ப, பாடசாலைக்கென ஒரு ஜிமெயில் கணக்குத் திறந்து smtp.gmail.com, போர்ட் 587 என்று கொடுக்கலாம். 2022 மே மாதத்துக்குப் பிறகு ஜிமெயில் சாதாரணக் கடவுச்சொல்லை இப்படிப்பட்ட சாதனங்களிலிருந்து ஏற்பதில்லை. இரட்டைச் சரிபார்ப்பைப் போட்டு, செயலிக்கென்று தனிக் கடவுச்சொல் எடுக்க வேண்டும், அதற்குப் பெரும்பாலும் ஒரு போன் இலக்கம் கேட்கும். அக்கா தன்னுடையதைத் தர ஆயத்தம். நான்தான் வேண்டாம் என்றேன், அவருக்கு இடமாற்றம் வந்தால் கணக்கும் அவரோடு போய்விடும். பாடசாலை அலுவலகத்துக்கென ஒரு சிம் எடுப்பதாக அதிபர் சொல்லியிருக்கிறார். அது வரும்வரை ஸ்கேன், மெஷினின் முன்பக்கத் துளையில் செருகும் பென் டிரைவுக்குப் போகிறது.